மணலுக்கும் ஜாதகம் உண்டு: சல்லடைக் கோட்டைப் படித்துப் பார்த்து விற்போம்



சிமெண்ட், கம்பி, ஜல்லி, மணல் என்று கட்டுமானப் பொருள் விற்கும் நம் கடைகளுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "தளம் போட்ட மறுநாளே மேலே கோடு கோடாக வெடித்து நிற்கிறது, உங்கள் சிமெண்ட் சரியில்லை" என்பார்கள். சிமெண்ட் மூட்டையின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கிறது, தரம் இருக்கிறது, தயாரித்த வாரம்கூட அச்சாகியிருக்கிறது. ஆகவே குற்றம் சொல்வதற்கு அது வசதியாக இருக்கிறது. பக்கத்தில் குவித்து வைத்திருக்கும் மணலுக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. லாரி வந்தது, கொட்டியது, போய்விட்டது. அந்த மணல் கான்கிரீட்டுக்கு ஏற்றதா என்று கேட்பவர் யாரும் இல்லை.

கணியம்பாடி, வேலூர் வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு முன்பெல்லாம் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. பாலாற்று மணலைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்து மேஸ்திரி தலையை ஆட்டினால் போதும். வெள்ளம் வருஷக் கணக்கில் புரட்டிப் போட்ட மணல் அது. பருமன், நடுத்தரம், பொடி மூன்றும் ஆறே கலந்து வைத்தது. இன்று ஆற்று மணல் எளிதில் கிடைப்பதில்லை. 2003 முதல் மணல் குவாரிகள் அரசின் கைக்குப் போயின. பிறகு வந்த வழக்குகளும் தடைகளும் நமக்குத் தெரிந்தவைதான். இப்போது நாம் விற்பதில் பெரும்பங்கு மலைக்கல்லை உடைத்துச் செய்யும் எம்.சாண்ட். 2016-ல் திருத்தி வெளிவந்த ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தர நிர்ணயமும் கான்கிரீட்டுக்குச் செயற்கை மணலை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆறு கலந்து கொடுத்ததை இப்போது இயந்திரம் கலந்து கொடுக்கிறது. இயந்திரம் சரியாகக் கலந்ததா இல்லையா என்பதைக் கையால் தேய்த்துச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வது சல்லடைச் சோதனையின் கோடு.

கிரஷர்காரர்கள் கொடுக்கும் சோதனைத் தாளில் ஒரு வரைபடம் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. கீழே "ஜோன் இரண்டு" என்றும், எஃப்.எம். என்ற நுண்மை எண் இவ்வளவு என்றும் எழுதியிருக்கும். அந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்து விடுகிறோம். அந்த இரண்டும் சரியாக இருந்தும் மணல் மோசமாக இருக்கலாம் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

சோதனை எப்படி நடக்கிறது?

முதலில் மாதிரி எடுப்பது. குவியலில் பருமனான மணி உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும், பொடி மேலும் நடுவிலும் தங்கிவிடும். ஆகவே மேலே ஒரு கை, ஓரத்தில் ஒரு கை என்று அள்ளினால் அது அந்த லோடின் மாதிரி ஆகாது. பல இடங்களில், மேல்தோலை விலக்கி உள்ளிருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டை மறுபடி கலக்க வேண்டும். தேவையான எடை வரும் வரை இப்படியே குறைத்துக்கொண்டு வர வேண்டும். பிறகு அடுப்பில் நூறிலிருந்து நூற்றுப் பத்து டிகிரி சூட்டில் நன்றாக உலர்த்தி, எடை போட வேண்டும். கணக்குக்கு வசதியாக 1000 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

சல்லடைகள் ஆறு. மேலே 4.75 மி.மீ., அதன் கீழ் 2.36, அதன் கீழ் 1.18, பிறகு 600 மைக்ரான், 300 மைக்ரான், 150 மைக்ரான். கடைசியில் ஒரு தட்டு. ஒவ்வொரு சல்லடையின் கண்ணும் மேலே உள்ளதில் பாதி. 1000 கிராமையும் ஒரே தடவையில் கொட்டிச் சலித்தால் மெல்லிய சல்லடைகள் அடைத்துக்கொள்ளும். போக வேண்டிய பொடி மேலேயே நின்றுவிடும். பல பங்காகப் போட்டு, ஒவ்வொரு சல்லடையையும் குறைந்தது இரண்டு நிமிஷம் ஆட்டிச் சலிக்க வேண்டும். முடிவில் ஒவ்வொன்றிலும் நின்றதை எடை போட்டுக் கூட்டினால் ஏறக்குறைய முதலில் போட்ட 1000 வர வேண்டும். கூட்டுத்தொகை நன்றாகக் குறைந்தால் பொடி எங்கோ பறந்துவிட்டது என்று பொருள். அந்தத் தாளை நம்பக்கூடாது.

நின்ற எடையிலிருந்து ஒவ்வொரு சல்லடையையும் கடந்து போனது நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். வரைபடத்தில் கீழ்க்கோட்டில் சல்லடையின் அளவு, இடது பக்கம் மெல்லியது, வலது பக்கம் பருமன். பக்கவாட்டில் கடந்து போன சதவீதம், பூஜ்யத்திலிருந்து நூறு வரை. ஆறு புள்ளிகளை வைத்து இணைத்தால் இடமிருந்து வலமாக மேலே ஏறும் ஒரு கோடு கிடைக்கிறது. அதற்கு மேலும் கீழும் அந்த ஜோனுக்கான எல்லைக்கோடு இரண்டு வரையப்பட்டிருக்கும். நம் மணலின் கோடு அந்த இரண்டு கரைக்குள் ஆறுபோல ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

ஜோன் என்றால் என்ன?

ஐ.எஸ். 383 மணலை நான்கு ஜோனாகப் பிரிக்கிறது. ஒன்று மிகப் பருமன், நான்கு மிக மெல்லியது. பிரிப்பதற்கு அளவுகோலாக நிற்பது 600 மைக்ரான் சல்லடை. அதைக் கடப்பது 15 முதல் 34 சதவீதம் என்றால் ஜோன் ஒன்று. 35 முதல் 59 என்றால் இரண்டு. 60 முதல் 79 என்றால் மூன்று. 80-க்கு மேல் நான்கு. இந்த ஒரு சல்லடையில் மட்டும் ஜோன்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதில்லை. மற்றச் சல்லடைகளில் ஏறும். அதனால்தான் ஜோனின் பெயரை இந்தச் சல்லடை நிர்ணயிக்கிறது.

ஆனால் பெயர் வைப்பது வேறு, தேர்ச்சி பெறுவது வேறு. 600-ல் இரண்டாம் ஜோன் என்று பெயர் கிடைத்தாலும் மற்ற ஐந்து சல்லடைகளிலும் இரண்டாம் ஜோனின் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். 600 நீங்கலாக மற்றவற்றில் ஒரு சல்லடைக்கு ஐந்து சதவீதம் வரையும், தாண்டிய அளவையெல்லாம் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள்ளும் எல்லையைத் தாண்டலாம் என்று ஒரு சலுகை உண்டு. உடைத்த கல்மணலுக்கு 150 மைக்ரானில் மட்டும் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு 20 வரை தளர்த்தப்பட்டிருக்கிறது.

இரண்டு மணல், ஒரே எண்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வேலைக்கு இரண்டு இடங்களிலிருந்து மணல் வந்தது. முதல் தளம் நன்றாக அமைந்தது. இரண்டாவதற்கு வேறு கிரஷர் மணல். மேஸ்திரி தண்ணீர் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். மட்டப்பலகை இழுத்தால் சில்லு எழுந்தது. மேலே பால்போல ஏடு கட்டியது. வெயில் ஏறுவதற்குள் மெல்லிய வெடிப்பு தோன்றியது. வீட்டுக்காரர் நேராகச் சிமெண்ட் கடைக்கு வந்துவிட்டார். மிச்சம் கிடந்த இரண்டு மணலையும் சோதனைக்கு அனுப்பச் செய்தோம். எண்களைப் படிப்பதற்கு வசதியாக முழு எண்ணாக்கித் தருகிறேன். கடந்து போன சதவீதம் இது:

4.75 மி.மீ.: எல்லை 90 முதல் 100. முதல் மணல் 96, இரண்டாவது 86.
2.36 மி.மீ.: எல்லை 75 முதல் 100. முதல் மணல் 80, இரண்டாவது 68.
1.18 மி.மீ.: எல்லை 55 முதல் 90. முதல் மணல் 58, இரண்டாவது 52.
600 மைக்ரான்: எல்லை 35 முதல் 59. முதல் மணல் 43, இரண்டாவது 44.
300 மைக்ரான்: எல்லை 8 முதல் 30. முதல் மணல் 25, இரண்டாவது 35.
150 மைக்ரான்: கல்மணலுக்கு எல்லை 0 முதல் 20. முதல் மணல் 11, இரண்டாவது 28.

600 மைக்ரானைப் பாருங்கள். ஒன்று 43, மற்றது 44. இரண்டுமே இரண்டாம் ஜோன் என்று எழுதிவிடலாம். இனி நுண்மை எண்ணைப் போட்டுப் பார்ப்போம். நூறிலிருந்து கடந்ததைக் கழித்தால் அந்தச் சல்லடை வரை மொத்தமாக நின்றது கிடைக்கும். ஆறு சல்லடைக்கும் அதைக் கூட்டி நூறால் வகுத்தால் நுண்மை எண். முதல் மணலுக்கு 4, 20, 42, 57, 75, 89. கூட்டினால் 287. நுண்மை எண் 2.87. இரண்டாவதற்கு 14, 32, 48, 56, 65, 72. கூட்டினால் இதுவும் 287. இதுவும் 2.87!

ஜோன் பெயர் ஒன்று, நுண்மை எண் ஒன்று. ஆனால் ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. இரண்டாவது மணல் 4.75-ல் நான்கு, 2.36-ல் ஏழு, 1.18-ல் மூன்று என்று கீழே போயிற்று. 300-ல் ஐந்து, 150-ல் எட்டு என்று மேலே தாண்டிற்று. தாண்டியவை எல்லாம் கூடி 27. சலுகையோ மொத்தம் பத்துதான்.

இது எப்படி நேர்கிறது? நுண்மை எண் என்பது 1918-ல் அமெரிக்காவில் டஃப் ஆப்ரம்ஸ் என்பவர் கொண்டுவந்த ஒரு சராசரிக் கணக்கு. எண் பெரிதானால் மணல் பருமன், சிறிதானால் மெல்லியது என்று அது சொல்லும். சராசரிக்கு உள்ள குறை அதற்கும் உண்டு. ஒரு நாள் பத்தாயிரம் வியாபாரம், மறுநாள் கல்லாவே திறக்கவில்லை என்றால் சராசரி ஐயாயிரம் என்று எழுதலாம். தினம் ஐயாயிரம் விற்ற கடைக்கும் அதே எண்தான். இரண்டாவது மணலில் ஒரு பக்கம் சில்லு மிகுதி, மறுபக்கம் தூசி மிகுதி, நடுவில் இருக்க வேண்டிய மணி குறைவு. மிகுதியும் மிகுதியும் ஒன்றையொன்று அடித்துச் சராசரியைச் சரியாக்கிவிட்டன.

வரைபடத்தில் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நல்ல மணலின் கோடு இரண்டு கரைக்கும் நடுவே ஒரே சீராக ஏறும். இரண்டாவது மணலின் கோடு படுத்துக் கிடக்கும். இடது பக்கத்தில் மேல்கரைக்கு மேலே தொடங்கி, 600-ல் உள்ளே நுழைந்து, வலது பக்கத்தில் கீழ்கரைக்குக் கீழே இறங்கிவிடும். எங்கெல்லாம் கோடு செங்குத்தாக ஏறுகிறதோ அங்கே அந்தப் பருமனில் மணி நிறைய இருக்கிறது. எங்கே தட்டையாகப் போகிறதோ அங்கே அந்தப் பருமன் இல்லை, அல்லது குறைவு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தத் தாளையும் படிக்கலாம்.

இப்படிப்பட்ட மணல் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஜல்லி உடைக்கும்போது அடியில் விழும் டஸ்ட் அது. எம்.சாண்டுக்கென்று தனியாகக் கல்லை அடித்து மணியை உருட்டி, மிகுதித் தூசியைக் கழுவியோ காற்றால் ஊதியோ எடுப்பார்கள். அது எதுவும் செய்யாமல் டஸ்டையே சலித்து எம்.சாண்ட் என்று பில் போட்டால் கோடு இப்படித்தான் வரும்.

தூசி ஏன் கெடுக்கிறது?

ஒரு தேங்காயை நனைக்க வேண்டிய தண்ணீரைவிட அதைத் துருவிப் போட்டால் நனைக்க அதிகம் வேண்டும். மணலும் அப்படித்தான். பொடி மிகுந்தால் நனைய வேண்டிய பரப்பு பெருகுகிறது. மேஸ்திரி தண்ணீரை ஊற்றுகிறார். சிமெண்ட் அளவு அதேதான். மிகுதித் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் துளையாக நிற்கிறது, வலு குறைகிறது, சுருக்கம் கூடுகிறது. நடுமணி இல்லாததால் சில்லுக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள சந்தும் ஒழுங்காக நிரம்புவதில்லை. வெடிப்புக்கு வெயில், காற்று, தண்ணீர் காட்டாமை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கலவையே தண்ணீருக்கு அலைந்தது என்றால் முதலில் மணலைப் பாருங்கள்.

மெல்லிய மணல் எல்லாம் கெட்டது என்று நினைத்துவிடவும் கூடாது. 4.75-லிருந்து வரிசையாக 99, 96, 88, 70, 32, 7 என்று கடக்கும் ஒரு மணலை எடுத்துக்கொள்வோம். நுண்மை எண் 2.08. மூன்றாம் ஜோன், எல்லா எல்லைக்குள்ளும் இருக்கிறது. இது கான்கிரீட்டுக்கு ஆகும். ஆனால் அளவை மாற்ற வேண்டும். 20 மி.மீ. ஜல்லியோடு சாதாரணக் கலவையில் இரண்டாம் ஜோன் மணல் மொத்த மணல் ஜல்லிக் கன அளவில் 38 பங்கு என்றால், மூன்றாம் ஜோனுக்கு 36 பங்கு, பருமனான முதல் ஜோனுக்கு 40 பங்கு என்பது கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262 காட்டும் தொடக்க வழி. மணல் மாறினால் கலவையும் மாற வேண்டும் என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது விற்கிற நாம்தான். நான்காம் ஜோன் மணலைச் சோதித்துப் பார்க்காமல் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குப் போடக்கூடாது என்பது தர நிர்ணயத்தின் அறிவுரை. அதைக் கேட்டால் கொடுக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கோடு சொல்லாதவை

கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உலர்ந்த மணலைச் சலிக்கும்போது தூசி பருமனான மணியின் மேல் ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிடும். ஆகவே கோடு காட்டும் தூசியைவிட உண்மையில் அதிகம் இருக்கலாம். இதற்காக 75 மைக்ரான் சல்லடையில் கழுவிப் பார்க்கும் தனிச் சோதனை உண்டு. இயற்கை மணலில் 3 சதவீதம், உடைத்த கல்மணலில் 15 சதவீதம் என்பது உச்சவரம்பு. எம்.சாண்ட் தாளில் இந்த எண் இல்லையென்றால் தாள் முழுமையானதல்ல.

மணியின் வடிவமும் கோட்டில் தெரியாது. உருண்ட மணியும் தட்டையான செதிளும் ஒரே சல்லடையைக் கடந்து போகும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் செதிள் ஊசிபோலக் குத்தும்.

நம் வட்டாரத்துக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. அது உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னதை நாம் அறிவோம். கழிவு பாய்ந்த இடத்து மணல் அழகான கோடு காட்டலாம், உப்பு மட்டும் கோட்டில் வராது. குளோரைடு மிகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் மணலுக்கு ரசாயனச் சோதனை தனியாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

"நாம் வாங்கி விற்கிறவர்கள். கட்டுகிறவரும் இஞ்சினியரும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். பெரிய வேலைக்கு இஞ்சினியர் இருக்கிறார். இரண்டு அறை வீடு கட்டும் தோல் ஷெட் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? அவர் நம்மிடம் விலை கேட்கிறார், நாம் சொல்லும் பெயரை நம்பி வாங்குகிறார். பெயரைச் சொல்கிறவர்களுக்குப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"டஸ்டுக்கும் எம்.சாண்டுக்கும் யூனிட்டுக்கு இருக்கும் விலை வித்தியாசத்தில்தான் லாபமே" என்றும் சிலர் வாதிடலாம். டஸ்டை டஸ்ட் என்று விற்பதில் தவறில்லை. தரை நிரப்புவதற்கும், கல் பதிக்கும் வேலைக்கும் அதற்குச் சந்தை இருக்கிறது. எம்.சாண்ட் என்ற பெயரில் விற்றால்தான் வம்பு. அந்த லாபத்தைவிடச் சிமெண்ட் மூட்டைக்கு வரும் கெட்ட பெயரின் நஷ்டம் பெரிது.

ஆகவே மூன்று காரியங்களை நம் சங்கம் முடிவு செய்து நடத்தலாம் என்பது என் கருத்து. முதலாவது, கிரஷரிலிருந்து வரும் தாளில் ஜோன் பெயர் மட்டும் போதாது, ஆறு சல்லடையின் எண்ணும், கழுவிப் பார்த்த தூசியின் எண்ணும், மாதிரி எடுத்த தேதியும் இருந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்டால் சரக்கு இல்லை என்பார்கள். எல்லாரும் கேட்டால் தாள் வரும். கல்லும் இயந்திரத்தின் தாடையும் தேய்ந்து மாறிக்கொண்டே இருப்பதால் ஆறு மாதத்துக்கு முந்திய தாளை வைத்து இன்றைய லோடை அளக்க முடியாது.

இரண்டாவது, பில்லில் எம்.சாண்ட், பூச்சுக்கான பி.சாண்ட், டஸ்ட் என்று மூன்றையும் தனித்தனிப் பெயரில் எழுத வேண்டும். ஒவ்வொரு புது இடத்து லோடிலும் ஒரு சிறு பை மாதிரி எடுத்து, தேதி எழுதிக் கட்டிக் கடையில் வைத்துக்கொண்டால் நாளை புகார் வரும்போது பேசுவதற்கு ஆதாரம் கையில் இருக்கும்.

மூன்றாவது, சங்கத்தின் செலவில் ஆறு சல்லடையும் ஒரு தராசும் வாங்கி வைப்பது. உலர்த்துவதற்கு ஒரு வாணலி போதும். இது பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்துக்கு மாற்று ஆகாது. சண்டை வந்தால் அவர்களின் தாள்தான் நிற்கும். ஆனால் லோடு இறங்குவதற்கு முன்பே ஒரு மணி நேரத்தில் கோட்டின் போக்கு நமக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் வந்த லோடை மட்டும் கூடத்துக்கு அனுப்பினால் போதும்.

அரிசியில் குருணை எவ்வளவு என்று பார்க்காமல் மூட்டை எடுக்கும் மண்டிக்காரர் எவரும் இல்லை. மணலிலும் அந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்குவோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.